இரவு 12 மணி எந்தத் தேதியில் சேரும்?

எர்ணாவூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அவர் தொழிலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. டிரிப் கிடைத்தால் பேட்டா. கிடைக்காவிட்டால் வீட்டில் தூக்கம். 2025 ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து மொபைலை நீட்டினார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். இதுல என்னா போட்டுக்குதுன்னு நீயே சொல்லு. நான் தப்பா, அவங்க தப்பா?"

அவர் வேலை பார்க்கும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ். அது. இவ்வளவுதான் இருந்தது:

```
Report gate 12am 5/6 2nd trip
```

அண்ணன் ஜூன் 5-ஆம் தேதி, வியாழக்கிழமை, சாப்பிட்டுவிட்டு இரவு பதினொன்றரைக்கு கேட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே போனால், "நேற்று இரவே வரவேண்டியது, வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்து அனுப்பியாச்சு" என்று சொல்லிவிட்டார்கள். சரியாக 24 மணி நேரம் தாமதம். அந்த டிரிப் பேட்டா போனது. "சொன்ன நேரத்துக்கு வராத டிரைவர்" என்று பெயரும் வந்தது.

எஸ்.எம்.எஸ். அனுப்பியவர் பக்கம் கம்ப்யூட்டர் கணக்குப்படி நியாயம் இருக்கிறது. அண்ணன் பக்கம் மனிதக் கணக்குப்படி நியாயம் இருக்கிறது. ஆனால் பேட்டா போனது ஒருவருக்கு மட்டும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். குறுஞ்செய்தியில் தேதியும் நேரமும் எழுதுவது அனுப்புகிறவரின் பொறுப்பு. படிக்கிறவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது தவறு என்பது என் கருத்து.

12-க்கு மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

ஏ.எம்., பி.எம். இரண்டும் லத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கம். ஆன்ட்டி மெரிடியம் என்றால் நண்பகலுக்கு முன். போஸ்ட் மெரிடியம் என்றால் நண்பகலுக்குப் பின். காலை 9 மணி நண்பகலுக்கு முன்பு வருவதால் ஏ.எம்.; இரவு 9 மணி பின்பு வருவதால் பி.எம். இதுவரை சிக்கல் இல்லை.

சரியாகப் பகல் 12 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே நண்பகல். அது தனக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நள்ளிரவு 12 மணியோ முந்தைய நண்பகலுக்குப் பின் 12 மணி நேரம், அடுத்த நண்பகலுக்கு முன் 12 மணி நேரம். எந்தப் பக்கமும் சேர்க்கலாம். ஆக, சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தால் 12-க்கு ஏ.எம்., பி.எம். இரண்டுமே பொருந்தாது.

இது படிக்காதவர்களின் குழப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க அரசின் அச்சகம் வெளியிடும் நடைக் கையேடு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் நண்பகலை 12 ஏ.எம். என்றும் நள்ளிரவை 12 பி.எம். என்றும் எழுதச் சொன்னது. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதை அப்படியே தலைகீழாக மாற்றினார்கள். ஒரு நாட்டின் அரசாங்கக் கையேடே எட்டு வருடத்தில் கட்சி மாறியது என்றால், இரவு நேரத்தில் அவசரமாக மெசேஜ் படிக்கும் லாரி டிரைவரைக் குறை சொல்ல முடியுமா?

கம்ப்யூட்டர், மொபைல், டிஜிட்டல் கடிகாரம் எல்லாம் இன்று ஒரே முறையில்தான் நடக்கின்றன. நள்ளிரவு 12:00 ஏ.எம்., நண்பகல் 12:00 பி.எம். இதை மனப்பாடம் செய்வதைவிட காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. பகல் 12 மணி 1 நிமிடம் நண்பகலுக்குப் பின் வருகிறது, அது பி.எம். என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 12:00-ம் 12:01-ம் ஒரே மணியைச் சேர்ந்தவை. ஒரே மணிக்குள் எழுத்து மாறக் கூடாது என்பதற்காக 12:00-ஐயும் பி.எம்.மில் சேர்த்துவிட்டார்கள். நள்ளிரவுக்கும் இதே கதைதான்.

எக்செல் வைத்திருப்பவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. நாளின் தொடக்கம் 0, பாதி நாள் 0.5. ஏதாவது இரண்டு செல்களில் இவற்றை டைப் செய்து எண்டர் தட்டுங்கள்.

```
=TEXT(0,"hh:mm AM/PM")
=TEXT(0.5,"hh:mm AM/PM")
```

முதல் செல்லில் `12:00 AM`, இரண்டாவதில் `12:00 PM` என்று வரும். அதாவது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கடிகாரத்தின் 12 உண்மையில் பூஜ்யம். நாள் 12 ஏ.எம்.மில் தொடங்குகிறது, முடிவதில்லை. அண்ணன் விஷயத்தில் நடந்தது இதுதான். ஜூன் 5-ஆம் தேதி 12 ஏ.எம். என்றால் ஜூன் 5 தொடங்கும் அந்த நொடி. புதன்கிழமை இரவு தூங்கப் போகும் நேரம்.

நானும் செய்த தவறு

அண்ணனுக்கு நியாயம் பேசும் நான் சுத்தமானவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கிளினிக்குக்கு முன்பதிவு நினைவூட்டல் அனுப்பும் சிறிய புரோகிராம் எழுதினேன். பி.எம். என்று இருந்தால் மணியோடு 12-ஐக் கூட்டு என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். 2 பி.எம். 14 ஆனது, 9 பி.எம். 21 ஆனது. எல்லாம் சரியாக ஓடியது. பகல் 12:15-க்கு ஒருவர் முன்பதிவு செய்த அன்று அது 24:15 ஆகி, மறுநாள் நள்ளிரவு 12:15 என்று போய் உட்கார்ந்தது. நோயாளிக்கு நினைவூட்டல் போகவில்லை. சரியான முறை இரண்டே வரிதான்.

```
if (h == 12) h = 0;
if (pm) h = h + 12;
```

முதலில் 12-ஐப் பூஜ்யமாக்க வேண்டும், பிறகுதான் பி.எம்.முக்குக் கூட்ட வேண்டும். புரோகிராம் கற்கும் மாணவர்கள் நேரம் சம்பந்தமாக எதை எழுதினாலும் 12:15 ஏ.எம்., 12:15 பி.எம். இரண்டையும் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். மற்ற 22 மணி நேரமும் தவறில்லாமல் ஓடுவதால் இந்தப் பிழை பல நாள் வெளியே தெரியாது.

24 மணி முறை போதுமா?

"ரயில்வே மாதிரி 24 மணி முறையில் எழுதினால் எல்லாம் தீர்ந்தது" என்று ஆபீஸில் என் நண்பர் சொன்னார். பாதிதான் தீரும் என்பேன். 24 மணி முறை ஏ.எம்., பி.எம். சண்டையைத் தீர்க்கிறது. எந்த இரவு என்ற சண்டையைத் தீர்ப்பதில்லை.

ரயில் டிக்கெட்டையே பாருங்கள். 15-ஆம் தேதி 00:20 என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி இரவே சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவர்களை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அச்சில் எந்தத் தவறும் இல்லை. ஏனென்றால் நம் மனதில் நாள் என்பது நள்ளிரவில் மாறுவதில்லை, விடிந்தால்தான் மாறுகிறது. புதன் இரவு ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால், "புதன்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு" என்றுதான் சொல்கிறோம். கடிகாரப்படி அது வியாழக்கிழமை.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எங்கள் பகுதி முழுக்க ஷிப்ட் வேலை. இரவு 10 மணிக்கு ஏறி காலை 6 மணிக்கு இறங்குகிறவர் எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரத்தை மறுநாள் தேதியில்தான் உழைக்கிறார். அந்த உழைப்பை எந்த நாளில் எழுதுவது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 57-வது பிரிவு இதற்காகவே வைக்கப்பட்டது. நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்ட்டில், நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணி நேரம் முந்தைய நாளின் கணக்கில் சேரும். அந்தத் தொழிலாளிக்கு அடுத்த நாள் என்பது ஷிப்ட் முடிந்த நேரத்தில் தொடங்கும் 24 மணி நேரம் என்று அதில் எழுதினார்கள். சட்டம் எழுதியவர்களே மனிதனின் நாளும் கடிகாரத்தின் நாளும் வேறு என்று ஒப்புக்கொண்டு, எழுத்தில் தெளிவுபடுத்தினார்கள். நாம் எஸ்.எம்.எஸ்.ஸில் அதைச் செய்ய மறுக்கிறோம்.

நம் ஊரில் இதற்கு ஏற்கனவே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. விடியற்காலை முகூர்த்தத்துக்கு அழைக்கும் பெரியவர்கள், "புதன் இரவு, விடிந்தால் வியாழன்" என்பார்கள். எந்த இரவு, எந்த விடியல் என்று இரண்டையும் சொல்லிவிடுவதால் தவறவே வாய்ப்பில்லை. நான்கே சொல். எந்த சாப்ட்வேரும் இதைவிடச் சிறப்பாகச் செய்ததில்லை.

இன்னொரு எளிய வழி, நள்ளிரவையே நேரமாகக் கொடுக்காமல் இருப்பது. 12 மணிக்கு வேலை தொடங்குகிறது என்றால், ஆள் வரவேண்டிய நேரமாக 11.30-ஐக் கொடுங்கள். இரவு 11.30-க்கு மனிதனின் நாளும் கடிகாரத்தின் நாளும் ஒன்றுதான். கடைசி நேரம் குறிப்பிடும் இடத்தில் 11.59 பி.எம். என்று எழுதினால் அந்தத் தேதியின் கடைசி என்பது தெளிவாகிவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "இரவு 12 pm" என்று பலர் எழுதுகிறார்கள். சொல் நள்ளிரவு என்கிறது. எழுத்து நண்பகல் என்கிறது. இரவு என்று தமிழில் எழுதிய பிறகு இங்கிலீஷ் எழுத்து எதற்கு? "காலை 9 am" என்பதும் அப்படித்தான், தவறில்லை, வீண். "21:00 pm" என்பது வேடிக்கை. ஏதாவது ஒரு முறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5/6 என்பது எந்த மாதம்?

நாம் நாள், மாதம் என்ற வரிசையில் எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம், நாள். ஆகவே 5/6 நமக்கு ஜூன் 5. அங்கே மே 6. நாள் 12-க்கு மேல் போனால் குழப்பம் இல்லை, ஏனென்றால் 13-வது மாதம் கிடையாது. ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாட்களில்தான் ஆபத்து. அதில் 5/5, 6/6 போன்றவை எப்படிப் படித்தாலும் ஒன்றே. கணக்குப் போட்டால் வருடத்தில் 132 தேதிகள் இரண்டு பொருள் தரும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இந்த வம்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. எக்செல்லில் ஒரு செல்லில் 12/5/2025 என்றும், அடுத்ததில் 13/5/2025 என்றும் டைப் செய்யுங்கள். இரண்டும் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் உங்கள் விண்டோஸ் இந்திய முறையில் இருக்கிறது. 13/5 மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றால், எக்செல் அதைத் தேதியாகவே ஏற்கவில்லை. வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. 12/5-ஐ டிசம்பர் 5 என்று எடுத்துக்கொண்டிருக்கும். அப்போது விண்டோஸின் ரீஜன் செட்டிங்கில் போய் இந்திய முறைக்கு மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் எக்செல் பட்டியலிலிருந்து நூறு பேருக்கு மெசேஜ் அனுப்பினால், மாத முற்பாதியில் உள்ளவர்களுக்கு மட்டும் தேதி மாறிப் போகும்.

மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை. கூடவே கிழமையையும் எழுதுங்கள். கிழமை ஒரு சாட்சி மாதிரி. தேதி தவறினால் கிழமை பொருந்தாது, படிப்பவர் உடனே போன் போட்டுக் கேட்பார். எக்செல் பட்டியலிலிருந்து அனுப்புகிறவர்கள் இப்படிச் செய்யலாம்.

```
=TEXT(A2,"ddd d mmm, h:mm AM/PM")
```

A2-வில் தேதியும் நேரமும் இருந்தால் `Wed 4 Jun, 11:30 PM` என்று வரும்.

இரண்டாம் சனியா, 2-ஆம் தேதி சனியா?

வரிசை எண்ணிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "2nd Sat" என்று ஒரு மெசேஜ் வந்தால் அது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையா, 2-ஆம் தேதி சனிக்கிழமையா? இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. இரண்டாவது சனி எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவில்தான் வரும். 2-ஆம் தேதியில் வருவது முதல் சனி. தமிழில் எழுதினால் பிரித்துக் காட்டிவிடலாம்: "2-ஆம் தேதி, சனி" என்பது வேறு, "2-வது சனி" என்பது வேறு. இங்கிலீஷில் எழுதுவதென்றால் `Sat 2 Aug` என்று மாதத்தைச் சேர்த்துவிடுங்கள். தேதிக்குப் பின் எழுத்து ஒட்டு இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. "வது" என்று வரும் பொருளுக்கு மட்டும், அதாவது `2nd trip` போன்ற இடத்துக்கு மட்டும், அந்த ஒட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு போடத்தான் வேண்டும் என்றால் விதி சுலபம். 1, 2, 3-ல் முடியும் எண்களுக்கு `st`, `nd`, `rd`, மற்றவற்றுக்கு `th`. 11, 12, 13 மட்டும் விலக்கு, அவற்றுக்கும் `th`. ஆகவே `22nd` சரி, `22th` தவறு. `12th` சரி, `12nd` தவறு.

மொபைலில் இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சாதாரண இங்கிலீஷ் எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்துகள் அடங்கும். கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்யும்போது வளைந்த மேற்கோள் குறியோ நீண்ட கோடோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால், மெசேஜ் முழுவதும் யூனிகோட் முறைக்கு மாறிவிடும். அப்போது இடம் 70-ஆகச் சுருங்கும். ஒரு மெசேஜ் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து அதற்கேற்ப கட்டணம் கூடும். மொத்தமாக அனுப்புகிறவர்கள் "ஏன் இரட்டைக் காசு போகிறது" என்று தேடும்போது பெரும்பாலும் இப்படி ஒரே ஒரு குறிதான் அகப்படும்.

தமிழ் எஸ்.எம்.எஸ். எப்போதும் யூனிகோட்தான், 70 இடம். அதிலும் உயிர்மெய் எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு இடம் போகும். "கே" என்பது க ஒன்று, கொம்பு ஒன்று. இடம் போதாது என்று தேதியைச் சுருக்கத் தேவையே இல்லை என்பதை அண்ணனுக்கு வந்த மெசேஜை வைத்தே காட்டுகிறேன்.

```
ஜூன் 4 புதன் இரவு 11.30க்கு கேட் வரவும். 2-வது டிரிப்.
```

எண்ணிப் பார்த்தேன், 54 இடம். எழுபதுக்குள் ஒரே மெசேஜ். இங்கிலீஷில்:

```
Wed 4 Jun, 11.30 pm: report at gate. 2nd trip.
```

46 எழுத்து. மாதம் எழுத்தில் இருக்கிறது, கிழமை சாட்சிக்கு நிற்கிறது, 12 என்ற எண்ணே இல்லை. ஆபீஸ் அனுப்பிய பழைய மெசேஜ் 29 எழுத்து. அதிகமாகிய 17 எழுத்துக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ தப்பு என்னுது இல்லல்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நான் எழுதிக் கொடுத்த அந்த 54 இடத் தமிழ் மெசேஜை ஆபீஸில் காட்டுவதாகச் சொல்லி மொபைலில் வாங்கிக்கொண்டார். மெசேஜ் அனுப்பும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் வாசகர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். 12 என்று டைப் செய்யக் கை போகும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். மறுமுனையில் படிக்கிறவர் எந்த இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று யோசித்துவிட்டு, அந்தக் கிழமையை எழுதுங்கள்.